நாலு பேர் வாசிக்கும் இசைக்கு ஏன் இத்தனை மரியாதை? (ஸ்ட்ரிங் குவார்டெட்)

கீழ்வானம்

எல்லோருக்கும் வணக்கம். பல வருடமாக சிம்பொனி மட்டும்தான் கேட்டு வந்தேன். இப்போது குவார்டெட் பக்கம் வந்திருக்கிறேன். எதைப் படித்தாலும் "ஒரு இசையமைப்பாளரின் உண்மையான தரம் குவார்டெட்டில்தான் தெரியும்" என்கிறார்கள். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. அவ்வளவுதான். அறுபது பேர் வாசிக்கிற சிம்பொனியைவிட இது எப்படி உயர்ந்த இடத்துக்குப் போனது?

இன்னொன்று. நால்வரும் சமமாக உரையாடுகிறார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். என் காதில் விழுவதோ, முதல் வயலின் பாடுகிறது, மற்ற மூவரும் கீழே அறுத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லையா?

பாஸ்கர்_மேற்கிசை

சிம்பிள். ஹைடன்தான் இதைக் கண்டுபிடித்தார். அவர் எஸ்டர்ஹாசி இளவரசரிடம் வேலை பார்த்தவர். இளவரசருக்காக எழுதிய அரண்மனை இசை என்பதால் ஆரம்பத்திலிருந்தே கௌரவம் ஒட்டிக்கொண்டது. அப்புறம் மொஸார்ட், பீத்தோவன் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

நடுவரிசை

பாஸ்கர், ஹைடன் என்ற பெயர் வரை சரி. அரண்மனைதான் கௌரவம் தந்தது என்பது சரியில்லை. சொல்லப்போனால் தலைகீழ்.

இளவரசர் நிக்கோலாஸுக்குப் பிடித்த வாத்தியம் பாரிட்டன். வில்லால் இழுக்கவும் வேண்டும், பின்னால் உள்ள கம்பிகளை விரலால் மீட்டவும் வேண்டும் என்ற ஒரு விசித்திரப் பிறவி. அவர் அதை வாசித்ததால் ஹைடன் அதற்காக நூற்றுக்கும் மேற்பட்ட டிரியோக்கள் எழுதித் தள்ளினார். அரண்மனைக் கௌரவம்தான் காரணம் என்றால் இன்று நாம் பாரிட்டன் டிரியோவைப் பற்றி இழை திறந்திருப்போம்.

ஹைடனின் முதல் குவார்டெட்டுகள் அந்த வேலைக்கு முன்னால், 1750களின் கடைசியில் வந்தவை. ஃபியூர்ன்பெர்க் என்ற பிரபுவின் கிராமத்து வீடு. அங்கே கையில் கிடைத்தவர்கள் ஊர்ப் பாதிரியார், பண்ணையின் மேலாளர், ஒரு செல்லோக்காரர், இளைஞர் ஹைடன். நாலு பேர் இருந்தார்கள், நாலு பேருக்கு எழுதினார். ஐந்து பகுதிகள், அதில் இரண்டு மினுவெட் என்ற நடன இசை, மாலைப்பொழுதுக்கு லேசான இசை. கௌரவம் என்று சொல்ல அப்போது ஒன்றும் இல்லை.

மாற்றம் 1772இல் எழுதிய ஓபஸ் 20 என்ற தொகுப்பில் வெளிப்படையாகத் தெரிகிறது. கீழ்வானம், உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் அங்கேதான் இருக்கிறது. அந்தத் தொகுப்பின் இரண்டாவது குவார்டெட், சி மேஜர். தொடக்கத்தை மட்டும் கேளுங்கள், கால் நிமிடம் போதும். மெட்டு செல்லோவிடம் இருக்கிறது, அதன் உயரமான குரலில். செல்லோ காலி செய்த அடித்தளத்தை வயோலா பிடித்துக்கொள்கிறது. இரண்டாம் வயலின் செல்லோவுக்குத் துணை போகிறது. முதல் வயலின்? வாயே திறக்கவில்லை. முதல் ஆறு பார்களுக்கு அவருக்கு ஓய்வுதான். அப்புறம்தான் உள்ளே வந்து அதே மெட்டை எடுக்கிறார்.

அந்தக் காலத்துக் காதுக்கு இது சாதாரணமில்லை. செல்லோவின் வேலை அடியில் தாங்குவது. வயோலாவின் வேலை, பெரும்பாலும், இருக்கிற இடம் தெரியாமல் இருப்பது. வீட்டில் நாலு பேர் சேர்ந்து வாசிக்க உட்கார்ந்ததும் முதல் வயலின்காரர் வில்லைக் கீழே வைத்துவிட்டுச் செல்லோக்காரர் பாடுவதைக் கேட்க வேண்டியிருந்தால் எப்படி இருந்திருக்கும்!

மணமேடை_மதி

சார், குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். தேடியபோது இந்த இழை கிடைத்தது. என் தங்கை கல்யாண ரிசப்ஷனுக்கு ஸ்ட்ரிங் குவார்டெட் வைக்கலாம் என்று வீட்டில் பேச்சு. நாலு வயலின் வந்தால் போதுமா? மைக் வேண்டுமா? சாப்பிடும்போது வாசித்தால் மரியாதைக் குறைவாக இருக்குமா?

நடுவரிசை

மதி, நாலு வயலின் வந்தால் அடித்தளம் இருக்காது. ஒரு செல்லோவாவது அவசியம், ஒரு வயோலாவும். சாப்பாட்டு மண்டபச் சத்தத்தில் மைக் இல்லாமல் முன்வரிசை தாண்டிக் கேட்காது. மரியாதைக் குறைவெல்லாம் இல்லை. மேலே சொன்ன முதல் குவார்டெட்டுகளே பொழுதுபோக்குக்கு எழுதியவைதான். ஓபஸ் 1, ஓபஸ் 2 மினுவெட்டுகளை வாசிக்கச் சொல்லுங்கள், பொருத்தமாக இருக்கும். தங்கைக்கு வாழ்த்துகள்.

வடமராட்சி_வயலின்

நான் ஜெர்மனியில் ஒரு அமெச்சூர் குவார்டெட்டில் இரண்டாம் வயலின். நடுவரிசை அக்கா சொன்ன அதே சி மேஜர் குவார்டெட்டை இப்போது வாசித்துக்கொண்டிருக்கிறோம். உள்ளே இருந்து பார்த்தால் "சமம்" என்பது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன்.

முதல் சண்டை சுருதியில் வந்தது. கடைசி சி மேஜர் கூட்டொலி எப்போதும் கொஞ்சம் புளித்தது. ஒவ்வொருவரும் தன் கம்பிகளைச் சுத்தமாகக் கூட்டியிருந்தோம். மீட்டருடனும் பார்த்தோம், பிழை இல்லை. பிறகு எங்களுக்குச் சொல்லித் தருபவர் விளக்கினார். செல்லோவின் அடிக்கம்பி சி. அதிலிருந்து ஐந்தாம் சுருதியாக ஏறினால் ஜி, டி, ஏ, கடைசியில் வயலினின் மேல்கம்பி ஈ. ஒவ்வொரு படியையும் முழுச் சுத்தமாகக் கூட்டினால், கடைசியில் வரும் ஈ, அந்தச் சியோடு சேர்ந்து இனிமையாக ஒலிக்க வேண்டிய ஈயைவிட உயர்ந்து நிற்கும். வித்தியாசம் அரைச் சுரத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவு. தனியாக வாசித்தால் யாருக்கும் தெரியாது. நாலு பேர் சேர்ந்து கூட்டொலியை நிறுத்தி வைத்தால் அலையலையாக அதிர்கிறது, காது கூசுகிறது.

யார் விட்டுக்கொடுப்பது? எங்கள் செல்லோக்காரர் "என் கம்பி திறந்த கம்பி, மாற்ற முடியாது" என்றார். முதல் வயலின் "என் ஈயும் திறந்த கம்பிதான்" என்றார். கடைசியில் எல்லோருமே ஐந்தாம் சுருதிகளைத் துளி நெருக்கிக் கூட்டுகிறோம், சியை ஒரு மயிரிழை ஏற்றி. அதோடு அந்த இடத்தில் முதல் வயலின் திறந்த கம்பியை விட்டுவிட்டு விரல் வைத்து வாசிக்கிறார். ஒருவருடைய சுருதிதான் சரி என்று வைத்துக்கொண்டால் இந்த வாத்தியக் கூட்டம் நடக்காது. பியானோ இருந்தால் அதைப் பார்த்து எல்லோரும் கூட்டிவிடலாம். இங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

இரண்டாம் வயலின் என்றால் என்னவென்றும் சொல்லிவிடுகிறேன். மெட்டு என்னிடம் இருப்பது குறைவு. ஆனால் ஒரு மெட்டு சோகமா கேலியா என்பது பெரும்பாலும் என் கையில் இருக்கிற சின்னத் துணைச் சுரங்களால்தான் தீர்மானமாகிறது. நான் துள்ளலாக வாசித்தால் முதல் வயலின் என்ன செய்தாலும் அது சோகமாகாது. அவருக்கு இது பிடிப்பதில்லை. :)

கரிசல்_காதன்

அருமையான பதிவு தங்கச்சி. ஆனால் இந்த "நாலு சமமானவர்கள்" கதையை அப்படியே விழுங்க எனக்கு மனம் வரவில்லை.

1790இல் எழுதிய ஹைடனின் "வானம்பாடி" குவார்டெட், ஓபஸ் 64 ஐந்தாவது. முதல் வயலின் மேலே பறக்கிறது, மற்ற மூவர் கீழே டக் டக் என்று தரை போடுகிறார்கள். அந்தப் பெயர் வந்ததே அதனால்தான். அவர் லண்டனில் இருந்த சாலமன் என்ற வயலின்காரருக்காக யோசித்து எழுதிய ஓபஸ் 71, 74இலும் முதல் வயலினுக்குத்தான் மினுக்கு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் "பிரில்லியண்ட் குவார்டெட்" என்றே ஒரு வகை இருந்தது. ஸ்போர், ரோட் எல்லாம் எழுதினார்கள். அது வயலின் கச்சேரி, மூன்று பேர் பக்கவாத்தியம். குழுக்களின் பெயரைப் பாருங்கள்: ஷூப்பன்ஸிக் குவார்டெட், யோவாகிம் குவார்டெட். முதல் வயலின்காரர் பெயர்தான் பலகையில்.

ஜெர்மன் கவிஞர் கதே 1829இல் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில், நாலு விவேகமுள்ள மனிதர்கள் தங்களுக்குள் உரையாடுவதைக் கேட்பதுபோல் இருக்கிறது என்றார். படித்த நடுத்தர வர்க்கத்துக்கு அந்தப் படம் ரொம்பப் பிடித்துப் போயிற்று. தங்கள் வரவேற்பறையைத் தாங்களே மெச்சிக்கொள்ள ஒரு வசதி. அவ்வளவுதான் என் கணிப்பு.

நடுவரிசை

காதன், வானம்பாடி நல்ல அடி, ஒத்துக்கொள்கிறேன். கதே சொன்னதால் அந்தப் படம் பரவியது என்பதும் சரி. ஆனால் அந்தப் படம் கதேயோடு தொடங்கவில்லை. ஹைடனின் ஆரம்ப குவார்டெட்டுகளை 1764இலேயே பாரிஸில் அச்சடித்த லா ஷெவார்தியேர், முகப்பில் "உரையாடும் குவார்டெட்டுகள்" என்று போட்டுத்தான் விற்றார். அறுபது வருடம் முந்தையது. அதாவது முதலில் அது ஒரு விற்பனை வாசகம். கதே கைக்கு வந்தபோது தத்துவமாகிவிட்டது. இதில் உங்கள் சந்தேகத்துக்கு இன்னும் கொஞ்சம் தீனி கிடைக்கும், எடுத்துக்கொள்ளுங்கள்.

சமம் என்பதை சுரங்களை எண்ணிப் பார்த்தால் நீங்கள் ஜெயிப்பீர்கள். நான் வேறு இடத்தில் பார்க்கிறேன். அதற்கு முன் ஒரு தலைமுறை வரை, வீட்டுச் சங்கீதத்தில் ஒரு ஹார்ப்ஸிகார்ட் உட்கார்ந்து நடுவில் உள்ள சுரங்களை எல்லாம் நிரப்பிக்கொண்டிருந்தது. மேலே இரண்டு வயலின் பாடும், கீழே செல்லோ, நடுவை விசைப்பலகைக்காரர் தன் இஷ்டத்துக்கு நிரப்புவார். குவார்டெட்டில் அவர் எழுந்து போய்விட்டார். இப்போது நடுச் சுரம் ஒன்று வேண்டுமென்றால் இரண்டாம் வயலினோ வயோலாவோதான் வாசித்தாக வேண்டும், எழுதுகிறவர் அதை எழுதியாக வேண்டும். ஒருவர் நிறுத்தினால் கூட்டொலியில் ஓட்டை விழும். நாலு பேரும் தவிர்க்க முடியாதவர்கள் ஆனது இப்படித்தான், நல்ல மனதால் அல்ல.

அடுத்த படி, வேலை கைமாறுவது. ஓபஸ் 33இன் முதல் குவார்டெட்டில் (1781) தொடக்கத்தைக் கேளுங்கள். முதல் வயலின் மெட்டைப் பிடிக்கிறது. சில பார்களுக்குள் செல்லோ மெட்டாகிவிடுகிறது, வயலின்கள் துணையாகிவிடுகின்றன. எந்த இடத்தில் மாறியது என்று விரல் வைக்க முடியாது. துணைக்கு வந்த சின்னச் சொல்லே அடுத்த நொடி பேச்சின் பொருளாகிவிடுகிறது. ஓபஸ் 20இல் இதையே, ஒரு குரல் தொடங்கிய கருவை மற்றவை ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்துத் தொடரும் ஃபியூக் மூலமாகச் செய்தார். வடமராட்சித் தங்கை வாசிக்கும் சி மேஜரின் கடைசிப் பகுதி, நாலு கருக்கள் கொண்ட ஃபியூக். அங்கே யாரும் கத்தக் கூடாது, ஏறக்குறைய முழுவதும் தாழ்ந்த குரலில் என்று ஹைடனே குறித்திருக்கிறார். ஒன்பது வருடத்தில் அந்தப் புலமையை ஃபியூக் என்ற பலகை இல்லாமலேயே சாதாரணப் பேச்சுக்குள் கொண்டுவந்தார்.

கீழ்வானம்

இரண்டையும் கேட்டுவிட்டேன். ஓபஸ் 20இல் செல்லோ ஆரம்பிப்பது உடனே புரிந்தது, அழகு. ஓபஸ் 33இல் மாறும் இடம் முதலில் பிடிபடவே இல்லை. யூடியூபில் ஸ்கோர் ஓடும் காணொளி ஒன்று கிடைத்தது, அதைப் பார்த்துக்கொண்டு கேட்டபோது "அட" என்றிருந்தது. இவ்வளவு நாள் மேல் வரியை மட்டும் கேட்டிருக்கிறேன்.

ஆனால் முதல் கேள்வி நிற்கிறது. வீட்டில் வாசிக்கிற சரக்கு எப்படி உச்சிக்குப் போனது?

நடுவரிசை

நீங்கள் ஸ்கோரைப் பார்த்துக் கேட்டதே பதிலில் பாதி.

முதலில் பணம். ஹைடனின் 1761 ஒப்பந்தப்படி இளவரசர் அனுமதி இல்லாமல் வெளியாருக்கு எழுதக் கூடாது. 1779இல் போட்ட புது ஒப்பந்தத்தில் அந்தத் தடை இல்லை. இரண்டே வருடத்தில் ஓபஸ் 33 சந்தைக்கு வந்தது. 1781 டிசம்பரில் பெரிய மனிதர்களுக்குக் கடிதம் போட்டார்: ஆறு குவார்டெட்டுகள், கையெழுத்துப் பிரதி, விலை ஆறு டுக்காட், "முற்றிலும் புதிய, தனித்துவமான முறையில்" எழுதியவை, ஏனென்றால் பத்து வருடமாக இந்த வகையில் எதுவும் எழுதவில்லை. அதே நேரம் வியன்னாவில் அர்தாரியா பதிப்பகத்துக்கும் விற்றிருந்தார். கையெழுத்துப் பிரதிகள் சந்தாதாரர் கைக்குப் போய்ச் சேரும் முன்னே அர்தாரியா அச்சுப் பதிப்பை விளம்பரப்படுத்த, ஹைடன் கோபித்துக்கொண்டு கடிதம் எழுதினார். தத்துவம் பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தை மறந்துவிடுவார்கள்.

வாங்கியவர்கள் யார்? பெரும்பாலும் வாசிக்கிறவர்களே. பிரபுக்கள், அதிகாரிகள், வணிகர்கள். மண்டபமும் டிக்கெட்டும் இல்லாத இசை. சிம்பொனியில் பின்வரிசை ஆளையும் கவர வேண்டும். இங்கே ஒவ்வொரு வரியையும் அதை வாசிக்கிறவர் கவனித்துக்கொண்டே இருக்கிறார். அதனால் நுணுக்கம் வீணாகாது. பாடகர் மைக்கேல் கெல்லி தன் நினைவுக்குறிப்பில் 1784இல் வியன்னாவில் ஒரு வீட்டு விருந்தைச் சொல்கிறார். ஹைடன் முதல் வயலின், டிட்டர்ஸ்டோர்ஃப் இரண்டாம் வயலின், மொஸார்ட் வயோலா, வன்ஹால் செல்லோ. யாரும் தன் வாத்தியத்தில் பெரிய சூரர் இல்லை, சுமார்தான் என்கிறார். ஆனால் நாலு பேரும் எழுதுகிறவர்கள்.

அடுத்த வருடம்தான் என் கணக்கில் திருப்பம். 1785இல் மொஸார்ட் ஆறு குவார்டெட்டுகளை அச்சடித்தார். வழக்கப்படி ஒரு பிரபுவுக்குக் காணிக்கை எழுதினால் ஒரு பணமுடிப்பு கிடைக்கும். அவர் காணிக்கையாக்கியது ஹைடனுக்கு. காணிக்கைக் கடிதத்தில் இவை "நீண்ட, கடினமான உழைப்பின் பலன்" என்று எழுதினார். வேகத்துக்குப் பெயர்போன ஆள் உழைத்தேன் என்று ஒப்புக்கொள்கிற இடம் இது. ஒரு கலைஞர் சக கலைஞரிடம் விடைத்தாளை நீட்டுகிறார். அதற்குப் பிறகு குவார்டெட் எழுத உட்காரும் எவரும், ஹைடனும் மொஸார்ட்டும் பார்க்கிற மாதிரி எழுத வேண்டிவந்தது.

அப்புறம் அச்சு. அதுவரை குவார்டெட் என்றால் நாலு தனித்தனிப் பார்ட் புத்தகங்கள்தான். முழு உருவம் யார் கண்ணிலும் படாது, நாலு பேர் வாசித்தால்தான் தெரியும். ஹைடனிடம் படித்த பிளேயெல் பாரிஸில் பதிப்பாளராகி, 1801இல் தன் ஆசிரியரின் குவார்டெட்டுகளை ஒரே தொகுப்பாகக் கொண்டுவந்தார். 1802இல் சட்டைப்பைக்குள் போகிற சின்ன ஸ்கோர்களை வெளியிடத் தொடங்கினார். இனி வாசிக்கத் தெரியாதவரும் உட்கார்ந்து படிக்கலாம். படிக்கத் தகுந்தது என்றானதும் மரியாதை கூடிவிடும்.

பாஸ்கர்_மேற்கிசை

அரண்மனை விஷயம் ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால் பீத்தோவன் வந்தபோதே கௌரவம் தயாராக இருந்தது, சரியா? அவர் அதை எல்லோரிடமும் கொண்டுபோனார்.

வடமராட்சி_வயலின்

எல்லோரிடமுமா? எங்களைப் போன்றவர்களிடமிருந்து அதைப் பறித்தவரே அவர்தான், பாஸ்கர் அண்ணா. ஓபஸ் 18 வரை நாங்கள் தட்டுத்தடுமாறி வாசிப்போம். 1806இல் எழுதிய ஓபஸ் 59ஐ எடுத்தால் கை நிற்கிறது. அவருக்கு ஷூப்பன்ஸிக் என்ற தொழில்முறை வயலின்காரர் இருந்தார். கட்டணம் கட்டிக் கேட்கிற குவார்டெட் கச்சேரிகளை 1804-05இலேயே வியன்னாவில் நடத்தியவர். அந்தக் கையை நம்பி எழுதியதை வீட்டில் வாசிக்க முடியாது. அங்கேதான் வாசிக்கிறவரும் கேட்கிறவரும் பிரிகிறார்கள். ஓபஸ் 95 பற்றி, இது தேர்ந்த ரசிகர்களின் சின்ன வட்டத்துக்கு எழுதியது, பொதுமேடையில் ஒருபோதும் வாசிக்கக் கூடாது என்றே அவர் கடிதத்தில் எழுதினார்.

தொழில்முறைக்காரருக்கும் லேசாக இருக்கவில்லை. 1825 மார்ச்சில் ஓபஸ் 127ஐ ஷூப்பன்ஸிக் குழு போதிய ஒத்திகை இல்லாமல் மேடையேற்றி விழுந்தது. பிறகு போம் என்ற இன்னொரு வயலின்காரர் பீத்தோவன் முன்னிலையில் ஒத்திகை பார்த்து வாசித்துத்தான் அது எழுந்தது. காது கேட்காத அவர் வில்களின் அசைவைப் பார்த்தே பிழை பிடித்தாராம்.

கரிசல்_காதன்

இதைத்தான் சொல்கிறேன். கடினம், சின்ன வட்டம், புரியாதவன் வெளியே. கௌரவம் என்பதன் செய்முறையே அது. பிராம்ஸ் இருபதுக்கும் மேல் எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டு, நாற்பது வயதில், 1873இல் ஓபஸ் 51ஐ வெளியிட்டார். உரையாடல் என்றால் இவ்வளவு பயம் எதற்கு?

இன்னொரு கேள்வி. போக்கரீனியை ஏன் யாரும் பேசுவதில்லை? அவரும் 1761இலேயே குவார்டெட் எழுதத் தொடங்கியவர். தானே செல்லோ மேதை, செல்லோவுக்கு மேல் குரலில் பாட்டு கொடுத்தவர். ஏறக்குறைய தொண்ணூறு எழுதினார். சமத்துவம்தான் அளவுகோல் என்றால் அவருக்கும் நாற்காலி வேண்டாமா?

நடுவரிசை

போக்கரீனி விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அவர் ஸ்பெயினில் இருந்தார், அச்சு பாரிஸில். பாரிஸில் அவருக்கு நல்ல பெயர் இருந்தது. ஆனால் எது பெரிய இசை என்று 19ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்தவர்கள் பெரும்பாலும் ஜெர்மன்காரர்கள், அவர்கள் வரைந்த கோடு ஹைடன், மொஸார்ட், பீத்தோவன் என்று வியன்னாவுக்குள்ளேயே ஓடியது. இசையிலும் ஒரு வித்தியாசம் உண்டு. போக்கரீனியில் ஒவ்வொருவருக்கும் முறை வைத்துப் பாட்டு வரும், மற்றவர் அழகாகத் தாங்குவார்கள். ஹைடனில் ஒருவர் சொன்னதை அடுத்தவர் பாதியில் பிடித்துத் திருப்பிவிடுவார். எனக்கு இரண்டாவது பிடிக்கும். அதனால் முதலாவது தாழ்ந்தது என்று நிரூபிக்க என்னால் முடியாது.

பிராம்ஸ் பயந்தது உரையாடலுக்கு இல்லை என்று நினைக்கிறேன். நாலு வரியில் ஒளிய இடமில்லை. ஆர்கெஸ்ட்ராவில் பலவீனமான நடுக்குரலை ஹார்ன் வைத்து மூடலாம்.

வடமராட்சி_வயலின்

காதன் அண்ணா, பெயர்ப்பலகை விஷயத்துக்கு ஒரு சேதி. 1976இல் தொடங்கிய எமர்சன் குவார்டெட்டில் இரண்டு வயலின்காரர்களும் முதல், இரண்டாம் இடத்தை மாற்றி மாற்றி வாசித்தார்கள். எங்கள் குழுவிலும் நான் அதைக் கேட்டுப் பார்த்தேன். செல்லோவும் வயோலாவும் சரி என்றார்கள். முதல் வயலின் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

கரிசல்_காதன்

பார்த்தீர்களா! :)

மணமேடை_மதி

சார், ஆள் கிடைத்துவிட்டார்கள். வயோலாக்காரர் மட்டும் வரவில்லையாம், மூன்று பேர் வாசித்தால் பரவாயில்லையா என்று கேட்கிறார்கள்.

நடுவரிசை

ஓட்டை விழும் என்று மேலே சொன்னேனே! மூன்று பேர் என்றால் டிரியோவுக்கென்றே எழுதியதை வாசிக்கச் சொல்லுங்கள் மதி. இரண்டு வயலினுக்கும் செல்லோவுக்கும் நிறைய இருக்கிறது. குவார்டெட்டில் ஒரு பார்ட்டை விட்டுவிட்டு மட்டும் வாசிக்க வேண்டாம்.